கைடு இந்தியில் சொல்ல, நாம் ஆங்கிலத்தில் சொல்ல: மும்பை ஃபோர்ட் நடையில் மொழிபெயர்ப்பு

கேள்வி: நான் மாட்டுங்காவில் இருக்கிறேன். நண்பர் ஒருவர் ஃபோர்ட் பகுதியில் ஹெரிடேஜ் வாக் நடத்துகிறார். கட்டடங்களின் கதை எல்லாம் அவருக்கு அத்துப்படி, ஆனால் இந்தியும் மராத்தியும்தான் சரளம். வெளிநாட்டுக்காரர்கள் வரும்போது நான் கூடப் போய் ஆங்கிலத்தில் சொல்கிறேன். ஒரே குழுவில் ஜப்பான், பிரேசில், அமெரிக்கா, ஜெர்மனி என்று கலந்து வருவார்கள். என் ஆங்கிலம் மோசமில்லை. இருந்தும் பாதி வழியிலேயே முகங்கள் வாடி, ஃபோனை எடுத்துவிடுகிறார்கள். எங்கே இடிக்கிறது?

பதில்:

முதலில் நேரக் கணக்கைப் பாருங்கள். இரண்டு மணி நேர நடையில் பத்து இடங்களில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நம்மூர்க் கூட்டத்துக்கு நண்பர் ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் பேசிப் பழகியிருப்பார். அதையே நீங்கள் இன்னொரு ஐந்து நிமிடம் சொன்னால், நிற்பதற்கே நூறு நிமிடம் போய்விடுகிறது. அதில் ஐம்பது நிமிடம் அவர்கள் புரியாத மொழியைக் கேட்டுக்கொண்டு மும்பை வெயிலில் நிற்கிறார்கள். ஃபோனை எடுப்பது அந்த ஐம்பது நிமிடத்தில்தான். எடுத்த ஃபோன் உங்கள் முறை வரும்போது உள்ளே போவதில்லை. ஆக, உங்கள் ஆங்கிலத்தைச் சீர்படுத்துவதால் பெரிய பலன் இருக்காது. காத்திருக்கும் நேரத்தைத்தான் குறைக்க வேண்டும்.

அதற்கு நண்பர் ஒரு தடவைக்கு முப்பது, நாற்பது விநாடிக்கு மேல் பேசக்கூடாது. நீங்கள் அதில் மூன்றில் இரண்டு பங்கு நேரத்தில் முடிக்க வேண்டும். சொல்வது சுலபம், கதை சொல்லிப் பழகியவரை நடுவில் நிறுத்துவது கஷ்டம். "ஃப்ளோ போயிடும்" என்பார். நடக்கிற அன்று அவரை மடக்காதீர்கள். இன்னொரு நாள் குழு இல்லாமல் இருவரும் அதே பாதையில் நடந்து, ஒவ்வோர் இடத்திலும் எங்கே மூச்சு விடுவது என்று பேசி முடிவு செய்யுங்கள். நிறுத்தம் சுவாரசியமான முனையில் வரவேண்டும். 'அப்புறம் அந்தப் பணக்காரர் ஒரு நிபந்தனை போட்டார்' என்று அவர் நிறுத்தினால் அவருக்கும் ஃப்ளோ கெடாது, கேட்பவர்களும் உங்கள் வாயைப் பார்ப்பார்கள்.

எங்கே நிற்கிறீர்கள் என்பதும் முக்கியம். பல கைடுகள் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தே பேசுவார்கள், ஏனென்றால் புரிந்து தலையாட்டுகிற ஒரே ஆள் அவர்தான். குழுவுக்கு அது யாரோ இருவர் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்பது மாதிரி ஆகிவிடும். அவருக்கு எதிரே நிற்காமல் பக்கத்தில், தோளோடு தோளாக நின்றுகொள்ளுங்கள். அப்போது அவர் குழுவைப் பார்த்துத்தான் பேசியாக வேண்டும். அவருடைய கையும் முகமும் மொழி புரியாதவருக்கும் பாதி சேதி சொல்லிவிடும். நீங்கள் அரை அடி முன்னே வந்தால் உங்கள் முறை என்று ஓர் ஏற்பாடு வைத்துக்கொள்ளலாம்.

ஓர் இடத்தை முழுதாக எடுத்துக்கொண்டு பார்க்கலாம். ஓவல் மைதானத்தில் நின்று ராஜாபாய் கோபுரத்தைக் காட்டுகிறீர்கள். கைடின் வழக்கமான பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்: கோபுரம் 1878இல் முடிந்தது, உயரம் 85 மீட்டர், வரைந்தவர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட், இந்தியாவுக்கே வராமல் லண்டனிலிருந்து வரைந்து அனுப்பினார், பணம் கொடுத்தவர் பிரேம்சந்த் ராய்சந்த், பருத்தி வியாபாரத்திலும் பங்குச் சந்தையிலும் கொடிகட்டிப் பறந்தவர், அமெரிக்க உள்நாட்டுப் போரால் பம்பாய்ப் பருத்திக்கு விலை ஏறியது, கோபுரத்துக்கு அம்மா பெயரை வைத்தார், அம்மாவுக்குக் கண் தெரியாது, மணி ஓசை கேட்டுச் சாயங்காலச் சாப்பாட்டை முடிப்பார், லண்டன் பிக் பென் மாதிரி இருக்கும், மேலே 24 சிலைகள், கீழே பல்கலைக்கழக நூலகம். மூச்சு விடாமல் சொல்வார். நீங்களும் வரிசை மாறாமல் சொன்னால், ஸ்காட்டின் பெயர் வரும்போதே பாதிப் பேரை இழந்துவிடுவீர்கள்.

இதை மூன்று துண்டாக்குங்கள். முதல் துண்டு கண்ணுக்கு. நண்பர் பேச ஆரம்பிக்கும் முன்பே நீங்கள் ஒரே வாக்கியம் சொல்லிவிடுங்கள்: "கோபுரத்தின் மேல்பாதியில் மனித உருவங்கள் தெரிகின்றனவா, ஃபோனில் பெரிதாக்கிப் பாருங்கள்." மேற்கு இந்தியாவின் பல சமூகத்தாரைக் காட்டும் சிலைகள் அவை, வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. எப்படியும் கைக்கு வரப்போகிற ஃபோன், இப்போது நம் வேலைக்காக வருகிறது. நண்பர் இந்தியில் பேசும் அரை நிமிடமும் அவர்கள் சிலையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். தலைப்பாகையைக் கண்டுபிடித்தவர் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டுவார். அந்த அரை நிமிடம் காத்திருப்பாகவே தெரியாது.

இரண்டாவது துண்டு பணம் வந்த கதை. நீங்கள் ஆங்கிலத்தில் சொல்வது இந்த அளவு இருந்தால் போதும்: "1861இல் அமெரிக்காவில் போர் மூண்டது. தெற்கு மாநிலங்களின் பருத்தி இங்கிலாந்துக்குப் போக முடியவில்லை. அங்கே மில்கள் பருத்திக்குத் தவித்தன. பம்பாயில் பருத்தி இருந்தது. நான்கே வருடத்தில் இந்த ஊரில் பணம் கொட்டியது. அந்தப் பணத்தில் ஒரு பகுதிதான் இப்போது நீங்கள் பார்க்கும் கல்." இங்கே ஒரு நொடி நிறுத்துங்கள். அப்புறம்: "1865இல் போர் முடிந்தது. பருத்தி விலை விழுந்தது. கொடுத்தவரும் திவாலானார். கோபுரம் மட்டும் எழும்பியது." எல்லாமே சின்ன வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சேதி. கைடு சொன்ன பெயர்களில் இங்கே ஒன்றும் வரவில்லை, யாரும் அதைக் கேட்கப்போவதும் இல்லை.

மூன்றாவது துண்டு அம்மா. இங்குதான் நண்பர் வேகமாகப் போவார், நீங்கள் நிதானிக்க வேண்டும். அவருக்கும் அவருடைய வழக்கமான கூட்டத்துக்கும் ஜைனர்கள் பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள் என்பது தெரிந்த விஷயம், விளக்க வேண்டியதில்லை. ஒசாகாவிலிருந்து வந்தவருக்கு அது தெரியாது. கண் தெரியாத அம்மாவுக்கு மணி ஓசை எதற்கு, நேரம் தெரிந்து என்ன செய்யப்போகிறார் என்று குழம்பி நிற்பார். ஆகவே கைடு சொல்லாத ஒன்றை நீங்களாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது: "அந்தக் குடும்பம் ஜைன மதம். இருட்டில் சாப்பிட்டால் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி செத்துவிடலாம் என்பதால் சூரியன் மறையுமுன் சாப்பாட்டை முடிப்பார்கள். அம்மாவுக்குப் பார்வை இல்லை. மணி அடித்தால் நேரம் தெரியும். மகன் அதற்காகவே கேட்டார் என்று இந்த ஊரில் சொல்வார்கள்." பிக் பென்னைப் பற்றி அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதே இல்லை, பார்த்ததும் அவர்களே சொல்லிவிடுவார்கள். கூட்டுவதும் கழிப்பதும் இந்தக் கணக்கில்தான்: இங்கே யாருக்கும் தெரிந்தது அங்கே தெரியாது, இங்கே புதுசாக இருப்பது அங்கே பழசு. நண்பருக்கு இதை முன்பே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் அவர் ஒரு வரி சொன்னதற்கு நீங்கள் நாலு வரி சொல்லும்போது, "என்ன, நீயாக ஏதோ சொல்கிறாயா?" என்று முகம் சுளிப்பார்.

பணத்தொகை வந்தால் கவனம். லட்சம் என்றால் பல வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒன்றும் புரியாது, அவசரத்தில் நம் வாயிலும் மில்லியன் என்று வந்துவிடும். இரண்டு லட்சம் ரூபாய் நன்கொடை என்றால் 'இரண்டு நூறு ஆயிரம்' என்று ஆங்கிலத்தில் பிரித்துச் சொல்லுங்கள். இன்றைய டாலரில் எவ்வளவு என்று நடுத்தெருவில் கணக்குப் போடாதீர்கள், அந்தக் கணக்கு நிச்சயம் தப்பாகத்தான் வரும். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு எண்களையும் பெயர்களையும் மட்டும் கிறுக்கிக்கொண்டால் போதும். கதை தலையில் நிற்கும், எண்தான் நழுவும்.

கலப்புக் குழு என்பதால் இன்னொன்று. நீங்கள் சொன்ன நான்கு நாட்டில் ஆங்கிலம் தாய்மொழியாக இருப்பது ஒன்றுக்குத்தான். ஆனால் மொழிபெயர்ப்பவர் தன்னையறியாமல் அந்த அமெரிக்கருக்காகவே பேச ஆரம்பித்துவிடுவார், ஏனென்றால் சிரிப்பும் தலையசைப்பும் அங்கிருந்துதான் உடனே வரும். குழுவில் யாருக்கு ஆங்கிலம் குறைவு என்று முதல் ஐந்து நிமிட அறிமுகத்திலேயே தெரிந்துவிடும். அவரைப் பார்த்துப் பேசுங்கள். அவருக்குப் புரிந்தால் மற்றவர்களுக்கும் புரியும். வேகத்தைக் குறைப்பதைவிட வாக்கியத்துக்கு வாக்கியம் இடைவெளி விடுவது நல்லது. இழுத்து இழுத்துப் பேசினால் குழந்தைக்குச் சொல்வது போல் ஆகி, அமெரிக்கருக்குச் சலிப்புத் தட்டும்.

ஒவ்வொரு நாட்டுக்காரருக்கும் ஒரு கொக்கி போடலாம், அது நன்றாக வேலை செய்யும். பிரேசில்காரருக்குப் போர்ச்சுக்கீசியம் தாய்மொழி. இந்தத் தீவுகள் 1661இல் போர்ச்சுகல் இளவரசி கேத்தரினின் கல்யாணச் சீதனமாக இங்கிலாந்து ராஜாவுக்குப் போனவை என்றதும் நிமிர்ந்து நிற்பார். ஜப்பான்காரருக்கு: 1893இல் அவர்கள் நாட்டு நிப்பான் யூசென் கைஷா கம்பெனி தன் முதல் தொலைதூரக் கப்பல் சேவையைத் தொடங்கியதே பம்பாய்க்குத்தான், ஏற்றிப் போனது இதே பருத்தி. பருத்திக் கதை சொல்லும்போது இதை ஒரு வரியில் சேர்த்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் இரண்டு மணி நேரத்தில் ஒரு நாட்டுக்கு ஒரு கொக்கி போதும். "உங்கள் ஜப்பானில் எப்படி?" என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்டு, அந்த மனிதரைத் தன் நாட்டுத் தூதராக்கிவிட வேண்டாம். அவர் பார்க்க வந்தது மும்பையை.

நகைச்சுவைக்கு வருவோம். கைடு ஒன்று சொல்ல, இந்தி தெரிந்த நீங்கள் மட்டும் சிரித்து, பிறகு அதை ஆங்கிலத்தில் விளக்கினால் அதைவிடக் கொடுமை இல்லை. எந்த ஜோக் தாண்டி வரும், எது வராது என்று ஒத்திகையிலேயே பிரித்துவிடலாம். எதுகை மோனையில் நிற்பதும் சினிமா வசனத்தில் நிற்பதும் வராது, அவற்றை வெளிநாட்டுக் குழு வரும் நாளில் விட்டுவிடச் சொல்லுங்கள். நிலைமையில் நிற்கிற வேடிக்கை எந்த மொழியிலும் போகும். காலா கோடா அதற்கு நல்ல இடம். வேல்ஸ் இளவரசராக இருந்த ஏழாம் எட்வர்ட் கறுப்புக் குதிரை மேல் இருக்கும் சிலை அங்கே இருந்தது, கொடுத்தவர் ஆல்பர்ட் சாசூன். 1965இல் சிலையை எடுத்து பைகுல்லா மிருகக்காட்சிசாலைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் இடத்தின் பெயர் கறுப்புக் குதிரையாகவே நின்றது. 2017இல் அங்கே புதிதாக ஒரு கறுப்புக் குதிரைச் சிலை வைத்தார்கள், முதுகில் ஆள் இல்லாமல். இதில் ஜோக்கே தேவையில்லை. குதிரை திரும்பி வந்தது, ராஜா வரவில்லை என்று சொல்லிவிட்டு வெறும் முதுகைக் காட்டினால் போதும். கைடு அதைச் சொல்லி முடித்து கையை நீட்டும் அதே நொடியில் உங்கள் வாக்கியமும் முடிய வேண்டும், ஆகவே இந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். குழுவில் பிரிட்டிஷ்காரர் இருக்கிறார் என்பதற்காக இதன் காரத்தைக் குறைக்கவும் வேண்டாம், நம் பங்குக்குக் கூட்டவும் வேண்டாம். பேசுபவர் கைடு.

அதே காரணத்துக்காக "அவர் என்ன சொல்கிறார் என்றால்" என்று ஒவ்வொரு தடவையும் ஆரம்பிப்பதை நிறுத்துங்கள். ஆரம்பத்திலேயே ஒருமுறை சொல்லிவிடலாம்: நான் 'நான்' என்று சொன்னால் அது இவர். பிறகு நண்பர் "என் தாத்தா பரேல் மில்லில் வேலை பார்த்தார்" என்றால் நீங்களும் "என் தாத்தா" என்றே சொல்லலாம். குழு அவரைத்தான் பார்க்கும். பார்க்கவும் வேண்டும்.

சிக்கல் எழுவது கட்டுக்கதைகளில். பக்கத்திலேயே வாட்சன்ஸ் ஹோட்டல் இருக்கிறது, இப்போது எஸ்பிளனேட் மேன்ஷன். இங்கிலாந்தில் வார்த்த இரும்புச் சட்டங்களைக் கப்பலில் கொண்டுவந்து 1860களில் நிறுத்திய கட்டடம். ஜாம்ஷெட்ஜி டாடாவை இங்கே உள்ளே விடவில்லை, அந்தக் கோபத்தில்தான் தாஜ் ஹோட்டல் கட்டினார் என்று எல்லாக் கைடும் சொல்வார்கள். நல்ல கதை, ஆனால் ஆதாரம் பலவீனம். தாஜ் 1903இல் திறந்தது என்பது வரைக்கும்தான் உறுதி. குழுவின் முன்னால் கைடைத் திருத்துவது மொழிபெயர்ப்பாளரின் வேலை இல்லை. கதையை விழுங்கிவிடுவதும் சரியில்லை. "பம்பாயில் எல்லோரும் சொல்கிற ஒரு கதை" என்று தொடங்கிச் சொல்லிவிடுங்கள், அந்த ஒரு தொடக்கம் போதும். அதே கட்டடத்தில் உறுதியானது ஒன்று இருக்கிறது, அது இன்னும் சுவாரசியம்: லூமியேர் சகோதரர்களின் சினிமாவை இந்தியாவில் முதன்முதலில் காட்டியது இங்கேதான், 1896 ஜூலை 7 அன்று. பாரிஸில் பணம் வாங்கிக் காட்டத் தொடங்கி அரை வருடம்தான் ஆகியிருந்தது. பிரெஞ்சுக்காரர் யாராவது இருந்தால் அவரே தொடர்ந்து பேசுவார்.

எல்லா இடத்திலும் சுருக்க வேண்டும் என்பதற்கு ஒரு விதிவிலக்கு. ஃப்ளோரா ஃபவுண்டன் பக்கத்தில் ஹுதாத்மா நினைவுச் சின்னம். சம்யுக்த மகாராஷ்டிரா போராட்டத்தில் உயிர்விட்டவர்களுக்கானது. 1960 மே 1 அன்று மாநிலம் பிறந்தது. உங்கள் நண்பர் மராத்திக்காரர் என்றால் இங்கே குரல் மாறும், பேச்சும் மராத்திக்குத் தாவும். விட்டுவிடுங்கள், ஒரு நிமிடம் பேசட்டும். புரியாவிட்டாலும் குரலில் இருப்பதை அவர்கள் கேட்பார்கள். பிறகு நீங்கள் இரண்டே வரி: மொழிவாரியாக மாநிலம் கேட்டார்கள், போலீஸ் சுட்டது. 'மொழிக்காகவா?' என்று யாராவது கேட்பார்கள். தமிழ்க்காரர் நமக்கு அதற்குப் பதில் சொல்லக் கஷ்டமே இல்லை, ஆனால் நம் ஊர்க் கதையை அங்கே அவிழ்க்காமல் கேள்வியை நண்பரிடம் தள்ளுங்கள்.

கேள்விகளில்தான் பல நடைகள் படுத்துவிடுகின்றன. ஜெர்மன்காரர் மெல்லிய குரலில் உங்களிடம் ஒன்று கேட்கிறார். நீங்கள் கைடிடம் இந்தியில் கேட்டு, வந்த பதிலை ஜெர்மன்காரருக்கு மட்டும் சொல்கிறீர்கள். மற்ற ஏழு பேரும் அந்த இரண்டு நிமிடம் வெளியே நிற்கிறார்கள். கேள்வி வந்ததும் முதலில் அதை எல்லோருக்கும் சத்தமாக ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லுங்கள், அதன் பிறகு கைடிடம் போங்கள். பதில் உங்களுக்கே தெரியும் என்றாலும் கைடிடம் கேட்பது நல்லது. நீங்களே சொல்லத் தொடங்கினால் அடுத்த கேள்வி நேரே உங்களுக்கு வரும், அரை மணியில் கைடு வெறுமனே பின்னால் நடந்து வருகிற ஆளாகிவிடுவார். தேதி, கட்டணம், கழிப்பறை எங்கே என்பதெல்லாம் மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

நிற்கும் இடத்தை நேரத்தோடு சேர்த்து முடிவு செய்யுங்கள். ராஜாபாய் கோபுரமும் ஹைகோர்ட்டும் ஓவலுக்குக் கிழக்கே இருக்கின்றன. காலையில் மைதானத்திலிருந்து பார்த்தால் சூரியன் கண்ணில் அடிக்கும், சிலை ஒன்றும் தெரியாது. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் கல்லின் மேல் வெயில் விழுந்து எல்லாம் துலங்கும். காலை நடை என்றால் முதலில் எதிர்ப்பக்கம், மேற்கே இருக்கும் ஆர்ட் டெக்கோ வீடுகளைக் காட்டிவிட்டுக் கடைசியில் கோபுரத்துக்குத் திரும்பலாம். அந்தப் பக்கம் முழுக்கக் கடலைத் தூர்த்து எடுத்த நிலம், 1930களின் கட்டடங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்துதான் 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. மைதானத்துக்குள் நின்றால் ஹார்ன் சத்தமும் குறைவு. ஃப்ளோரா ஃபவுண்டன் பக்கம் அந்தச் சலுகை கிடையாது. அங்கே தூண் வரிசைக்குள் ஒதுங்கி, சுவரைப் பின்னால் வைத்துக்கொண்டு பேசினால் குரல் முன்னே போகும். கையில் பிடிக்கும் ஸ்பீக்கர் வேண்டாம். அதைத் தூக்கியதும் வழிப்போக்கர்கள் கூடி நின்று வேடிக்கை பார்ப்பார்கள், பேச்சும் தானாகப் பிரசங்கமாகிவிடும்.

இத்தனையும் எட்டு, பத்துப் பேர் வரைக்கும் சரிவரும். பன்னிரண்டைத் தாண்டினால் பின்வரிசைக்குக் கைடின் முகமும் கையும் தெரியாது. அப்போது அவர் இந்தியில் பேசும் நேரம் அவர்களுக்கு முழுக்க வீண்தான். அந்த அளவு ஆள் வந்தால் காதில் மாட்டும் ஒயர்லெஸ் ரிசீவர் செட்டை வாடகைக்கு எடுத்து, அவர் பேசப் பேச ஒரு வாக்கியம் பின்தங்கி நீங்கள் மெல்லச் சொல்லிக்கொண்டே போகலாம். காத்திருப்பே இருக்காது. ஆனால் இது வேறு வேலை, இருபது நிமிடத்துக்கு மேல் ஒருவரால் தொடர்ந்து செய்ய முடியாது, மாற்றிக்கொள்ள இன்னொருவர் வேண்டும். ஆள் இல்லையென்றால் குழுவைப் பிரித்து காலையில் பாதி, சாயங்காலம் பாதி என்று கூட்டிப் போகச் சொல்லுங்கள். நண்பர் தயங்கினால் சாயங்கால வெயிலில் கோபுரம் எப்படி இருக்கும் என்று நினைவுபடுத்துங்கள், சம்மதித்துவிடுவார்.